பெரிதாகிப்போன சுவர்த் துளையை அடைத்து, பிளக் வைத்து, ஸ்க்ரூவை மறுபடி நிறுத்துவது எப்படி?

ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பியைத் தாங்கும் பிராக்கெட் ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. ஸ்க்ரூவைத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகுவதில்லை. விரலால் இழுத்தால் பிளக்கோடு சேர்ந்து கையில் வந்துவிடுகிறது, பின்னாலேயே ஒரு பிடி மணலும் கொட்டுகிறது. துளை இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். என் வீட்டில் நடந்தது இதுதான். அந்த ஒரு துளையைச் சரிசெய்த விதத்தை அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். செங்கல் சுவருக்கும், மேலே சிமெண்ட் பூசிய கெட்டியான சுவருக்கும் இந்த முறை பொருந்தும். உள்ளே கூடான சுவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பலரும் முதலில் செய்வது பள்ளத்தில் பட்டி மாவைத் திணித்து, காய்ந்ததும் அதிலேயே ஸ்க்ரூவை ஏற்றுவது. நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன், பத்து நாள்கூட நிற்கவில்லை. அது ஏன் நிற்காது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிளக் எப்படிப் பிடிக்கிறது

பிளாஸ்டிக் பிளக் ஒரு ஆப்பு போல வேலை செய்கிறது. ஸ்க்ரூ உள்ளே நுழைய நுழைய பிளக்கின் பிளவுபட்ட பகுதி விரிந்து, துளையின் பக்கச் சுவரை எல்லாத் திசையிலும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வுதான் ஸ்க்ரூவை வெளியே வரவிடாமல் தடுக்கிறது. ஆகவே பிளக்கைச் சுற்றி இருப்பது எதிர்த்து நிற்கக்கூடிய கெட்டியான பொருளாக இருக்க வேண்டும். பட்டி மாவு ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் சுவரை வழவழப்பாக்குவதற்கு உரியது. அதை ஆப்பு வைத்து நெருக்கினால் பொடிந்துவிடும்.

இன்னொன்று, செங்கல்லின் மேலிருக்கும் சிமெண்ட் பூச்சு செங்கல் அளவுக்குப் பிடிமானம் தராது. என் ஜன்னலுக்கு மேலே பூச்சின் கனம் 18 மில்லிமீட்டர். பழைய பிளக்கின் நீளம் 30. ஆக, செங்கல்லுக்குள் இருந்தது வெறும் 12 மில்லிமீட்டர்தான். மீதி எல்லாம் பூச்சை விரித்துக்கொண்டு நின்றது. பூச்சு விரிசல் விட்டதும் பிடிமானம் போய்விட்டது.

இதில் சுமையின் கணக்கும் உண்டு. கம்பி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. பிராக்கெட்டின் அடி விளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூ 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி, அந்தப் பக்கத்துச் சுமை 4 கிலோ என்றால் மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 8 கிலோ. திரையை வேகமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஏறும். பிராக்கெட் விழும்போது எப்போதும் மேல் ஸ்க்ரூ முதலில் கழன்று வருவதற்குக் காரணம் இதுதான். கீழ் ஸ்க்ரூ உறுதியாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

துளையைப் படிப்பது

பழைய பிளக் உள்ளேயே இருந்தால் அதில் ஒரு ஸ்க்ரூவை இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, ஸ்க்ரூவின் தலையைக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் துளை இன்னும் பெரிதாகும்.

பிறகு அளவு பாருங்கள். டிரில் பிட்டின் பின்பக்கத் தண்டு நல்ல அளவுகோல். 8 மில்லிமீட்டர் தண்டு தாராளமாக நுழைந்து 10 சற்றே இறுகுகிறது என்றால் துளை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். வாயில் ஒரு முறை, பூச்சைத் தாண்டிய ஆழத்தில் ஒரு முறை எனத் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனெனில் பெரும்பாலான துளைகள் புனல் வடிவத்தில்தான் சிதைகின்றன. ஒரு நீண்ட ஆணியை உள்ளே விட்டு ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆணி எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே கூடு இருக்கிறது என்று பொருள். அங்கே இந்த முறை உதவாது.

என் துளையின் வாய் 22 மில்லிமீட்டர், செங்கல் தொடங்கும் இடத்தில் 13, ஆழம் 35.

சிறிய சிதைவுக்குப் பெரிய வைத்தியம் தேவையில்லை. 6 மில்லிமீட்டர் பிளக் இருந்த துளை 7 அல்லது 8 ஆகி, பக்கங்கள் கெட்டியாக இருந்தால், அதையே 8 அல்லது 10 மில்லிமீட்டர் பிட்டால் சுத்தமாக விரித்து, சற்று ஆழமாக்கி, அந்த அளவுப் பிளக்கையும் அதற்குரிய ஸ்க்ரூவையும் போட்டுவிடலாம். பத்து நிமிட வேலை. பக்கங்கள் விரல்பட்டாலே உதிர்கின்றன என்றாலோ, வாய் பிளக்கைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகன்றிருந்தாலோதான் நிரப்பித் துளையிட வேண்டும்.

எதைக் கொண்டு நிரப்புவது

என் தேர்வு இரண்டு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் எபாக்ஸி களிம்பு. அது காயும்போது ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, செங்கல்லோடு ஒட்டிக்கொள்கிறது, ஒரே நாளில் துளையிடும் அளவுக்கு இறுகிவிடுகிறது. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு துளைக்கு ஆகும் அளவு மிகக் குறைவு.

ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு சலித்த மணலும் சேர்த்த சாந்தும் வேலைக்காகும். அதற்குத் துளையை முன்னதாகவே நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிறகு குறைந்தது ஒரு வாரம் ஈரம் காட்டிப் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை பெரும்பாலானவர்களிடம் இருப்பதில்லை. மூன்றாம் நாளே துளைபோட்டுச் சாந்து பிளந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

தீக்குச்சி, மரச்சிம்பு ஆகியவற்றைத் திணிப்பதும் பழைய வழக்கம். சிறிய படம் மாட்ட அது போதும். மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் என்பதால் இழுபடும் பிராக்கெட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சுத்தம் செய்வது

எல்லாப் படிகளிலும் நான் அதிக நேரம் செலவிடுவது இதற்குத்தான். பழைய ஸ்க்ரூடிரைவர் அல்லது சிறிய உளியால் துளைக்குள் தளர்ந்திருக்கும் எல்லாவற்றையும் சுரண்டுங்கள். மணல்மணலாக உதிரும் பூச்சை விட்டுவைக்காதீர்கள். துளை பெரிதாகிறதே என்று கவலைப்படவும் வேண்டாம், கெட்டியான இடம் வரும் வரை சுரண்டியே ஆக வேண்டும். முடிந்தால் உட்பகுதியை வாயைவிடச் சற்று அகலமாக்குங்கள். பானையின் வயிறு போல் உள்ளே அகன்றிருந்தால் இறுகிய களிம்பு கட்டியாகக் கழன்று வெளியே வர முடியாது.

அடுத்தது தூசி. தூசி படிந்த பரப்பில் களிம்பு தூசியோடுதான் ஒட்டுமே தவிர, செங்கல்லோடு ஒட்டாது. ஒரு குட்டி பாட்டில் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி, காற்றடிக்கும் பம்பால் ஊதுங்கள். மறுபடி பிரஷ், மறுபடி காற்று. மூன்று முறை செய்தால் நான்காம் முறை தூசி வருவது நின்றுவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு முகக்கவசமும் கட்டாயம் வேண்டும். ஏணியில் நின்று மேல்நோக்கி வாயால் ஊதினால் அத்தனையும் கண்ணில்தான் விழும்.

எபாக்ஸிக்குத் துளை காய்ந்திருக்க வேண்டும், சாந்துக்கு நனைந்திருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் இரண்டுமே பிடிக்காது.

நிரப்புவது

சுரண்டி முடித்தபோது என் துளை சராசரியாக 18 மில்லிமீட்டர் அகலமும் 35 ஆழமுமாக இருந்தது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9 கன சென்டிமீட்டர். 20 கிராம் களிம்பு அதற்குப் போதும்.

கையுறை அணிந்துகொள்ளுங்கள். கலக்காத எபாக்ஸி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே அரிக்கும். இரண்டு பகுதிகளையும் உறையில் சொன்ன விகிதத்தில் எடுத்து, சப்பாத்தி மாவு போல் பிசையுங்கள். ஒரே நிறமாகி, கோடு எதுவும் தெரியாத வரை நிறுத்தக் கூடாது. கோடு தெரியும் இடத்தில் ஒரு பகுதி மட்டுமே இருக்கிறது, அந்த இடம் எத்தனை நாளானாலும் இறுகாது. மறுநாள் நகத்தால் கீறும்போது பிசுபிசுப்பாக இருந்தால் கலவை சரியில்லை. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பச் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

கலந்ததை ஒரே உருண்டையாகத் துளைக்குள் அழுத்திவிட வேண்டாம். வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே காற்று சிக்கிவிடும். பட்டாணி அளவு உருண்டைகளாகக் கிள்ளி, ஒவ்வொன்றையும் ஒரு தட்டையான குச்சியால் துளையின் அடிவரை தள்ளி, பக்கங்களில் நெருக்கி அழுத்துங்கள். முதல் உருண்டையைச் செங்கல்மேல் தேய்த்தது போலப் பரப்பிவிட்டால் மற்றவை அதன்மேல் நன்றாகப் பிடிக்கும்.

சுவர் மட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்திவிடுங்கள். அந்த இடைவெளி பட்டி மாவுக்கு. எபாக்ஸி பூச்சைவிடக் கெட்டியானது. மட்டம்வரை நிரப்பிவிட்டு உப்புத்தாளால் தேய்த்தால் சுற்றியுள்ள பூச்சு கரைந்து, நடுவில் எபாக்ஸி மேடாக நிற்கும். பெயிண்ட் அடித்த பிறகும் அந்த மேடு தெரியும்.

களிம்பு ஈரமாக இருக்கும்போதே பிளக்கை அதில் புதைத்துவிடலாமே என்று கேட்பார்கள். சிறிய துளையில் செய்யலாம். அப்போது பிளக்கின் நுனி வழியாகக் களிம்பு உள்ளே புகாமலிருக்க, எண்ணெய் தடவிய ஸ்க்ரூவை முன்பே லேசாக ஏற்றிவைத்து, முழுதும் இறுகும் வரை தொடாமல் விட வேண்டும். ஆனால் பெரிய பள்ளத்தில் பிளக் சாய்ந்து நின்றுவிடும், பிராக்கெட்டின் துளையோடும் சேராது. அதனால் நிரப்பி, இறுகவிட்டு, பிறகு துளையிடுவதையே நான் விரும்புகிறேன்.

காத்திருந்து துளையிடுவது

ஒரு மணி நேரத்தில் களிம்பு கல் போலத் தோன்றும். நம்பாதீர்கள். துளையிடும் வெப்பத்தையும் பிளக்கின் நெருக்கத்தையும் தாங்க ஒரு முழு நாள் கொடுங்கள். உறையில் அதிக நேரம் குறிப்பிட்டிருந்தால் அதுவே கணக்கு. அந்த ஒரு நாளில், களிம்பு மேலளவில் இறுகிய பிறகு பட்டி மாவைச் சற்று மேடாகப் பூசி, காய்ந்ததும் 120 எண் உப்புத்தாளாலும் பிறகு 180 எண்ணாலும் தேய்த்து மட்டமாக்கிவிடலாம். துளையிடும்போது தட்டையான பரப்பு கிடைக்கும், பிராக்கெட்டும் ஆடாமல் உட்காரும்.

துளையிடுவதற்கு முன் சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று பாருங்கள். சுவிட்சுக்கு நேர்மேலும் நேர்கீழும் கம்பி ஓடும் வாய்ப்பு அதிகம். முன்பே துளை இருந்த இடம்தான் என்றாலும், இம்முறை நாம் முன்னைவிட ஆழமாகப் போகிறோம்.

அந்தக் கூடுதல் ஆழத்தில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. பழைய துளையின் ஆழம் 35 மில்லிமீட்டர். புதிய துளையை 65 மில்லிமீட்டருக்குப் போட்டேன். ஆக, முதல் 35 மில்லிமீட்டர் எபாக்ஸி வழியாகப் போகிறது, அதற்கப்பால் இதுவரை எதுவும் தொடாத புதுச் செங்கல். பிளக் அதிகம் விரிவது அதன் உள்நுனியில். அந்த நுனி புதுச் செங்கல்லில் போய் உட்கார்ந்தால், எபாக்ஸிமேல் முழுப் பாரமும் விழாது. இதற்குச் சுவரின் கனம் இடம்கொடுக்க வேண்டும். மெல்லிய தடுப்புச் சுவராக இருந்தால் மறுபக்கம் பெயர்ந்துவிடாதபடி ஆழத்தைக் குறையுங்கள்.

துளையிடும் இடத்தில் காகித நாடா ஒட்டி, பென்சிலால் புள்ளி வையுங்கள். முதலில் 4 மில்லிமீட்டர் பிட், பிறகு 6, கடைசியில் 8. எபாக்ஸி வழியாகப் போகும் வரை டிரில்லின் ஹேமர் விசையை அணைத்து வையுங்கள், அதிர்ச்சியில் களிம்பு செங்கல்லிலிருந்து விட்டுவிடக்கூடும். செங்கல் வந்ததும் தூசி சிவப்பாகும். அதன்பிறகு வேண்டுமானால் ஹேமர் போடலாம். பெரிய பிட்டை நேரடியாக வைத்தால் அது கெட்டியான இடத்தை விட்டு மென்மையான பக்கம் நழுவும். அப்படி நழுவியதில் ஒருமுறை என் துளை 4 மில்லிமீட்டர் தள்ளிப்போய், பிராக்கெட்டோடு சேரவில்லை. ஆழம் தெரிய பிட்டில் 65 மில்லிமீட்டரில் ஒரு துண்டு நாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி பிரஷ், மறுபடி காற்று.

பிளக்கும் ஸ்க்ரூவும்

நான் போட்டது 8 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் நீளமும் உள்ள நைலான் பிளக். சுத்தியலால் மெதுவாகத் தட்டும்போது எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளியே போய்விட்டால் துளை இன்னும் பெரிது, பிளக்கும் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும். பிளக்கின் வாய் சுவர் மட்டத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே போகும்வரை, ஒரு தட்டையான கம்பியை வைத்துத் தட்டினேன். விரிவு எல்லாம் மேற்பரப்பிலிருந்து தள்ளி நடப்பதால் பூச்சு மறுபடி வெடிக்காது. இதற்குக் கழுத்துப்பட்டை இல்லாத பிளக் வேண்டும். பட்டை இருந்தால் அது சுவர் மட்டத்திலேயே முட்டி நின்றுவிடும், கத்தியால் சீவி எடுத்துவிடலாம்.

ஸ்க்ரூவின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது. பிராக்கெட் தகட்டின் கனம் 3, பிளக் உள்ளே போன தூரம் 10, பிளக்கின் நீளம் 40, அதன் நுனியைத் தாண்ட ஸ்க்ரூவின் விட்டமான 5. கூட்டினால் 58. ஆகவே 5 மில்லிமீட்டர் தடிமனும் 60 நீளமும் உள்ள ஸ்க்ரூ. பிளக்கின் முழு நீளத்தையும் தாண்டாத ஸ்க்ரூ நுனியை விரிக்காது. வெளியிலிருந்து பார்க்க இறுகியது போலத்தான் இருக்கும், பாரம் ஏறியதும் வழுக்கிவிடும்.

ஸ்க்ரூவைக் கையால் திருகுங்கள். மின்சார டிரைவர் கடைசி அரைச் சுற்றில் எதையும் உணரவிடாது. முதலில் எளிதாகப் போகும், பிறகு சீராகக் கனக்கும், பிராக்கெட் சுவரில் படிந்ததும் சட்டென நிற்கும். அங்கிருந்து கால் சுற்று போதும். கனம் ஏறிவந்து திடீரென லேசானால் உள்ளே ஏதோ விட்டுவிட்டது. அப்போது மேலும் திருகாமல் கழற்றிப் பாருங்கள். களிம்பு கட்டியோடு வந்து, அதன்மேல் சிவப்புத் தூசி பூசியது போல இருந்தால் சுத்தம் போதவில்லை. பிளக் மட்டும் வழவழப்பாக வந்தால் துளையின் அகலம் தவறு.

இந்த முறை போதாத இடங்கள்

உள்ளே கூடான கட்டைகளாலான சுவர், ஜிப்சம் பலகைத் தடுப்பு, காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுக் கட்டைச் சுவர் ஆகியவற்றில் சாதாரணப் பிளக் பிடிக்காது. அவற்றுக்கென்று பின்பக்கம் விரியும் பிடிப்பான்களோ, அந்தக் கட்டைக்கென்றே செய்த பிளக்குகளோ தனியாக உண்டு. டிரில் தூசி வெள்ளையாக வந்தாலோ, பிட் திடீரென வெற்றிடத்தில் விழுந்தாலோ அதுதான் அடையாளம்.

தண்ணீர் சூடாக்கும் கருவி, கை நீட்டும் டிவி தாங்கி, கைப்பிடிக் கம்பி, தலைக்கு மேல் தொங்கும் எதுவும் இந்தக் களிம்பை நம்பி மாட்டக் கூடாது. அவற்றுக்குத் துளையில் பிசின் செலுத்தித் திருகு கம்பியை ஊன்றும் முறை இருக்கிறது, அதை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். இடத்தை மாற்ற முடியுமென்றால் பழைய துளையை அடைத்துவிட்டு, குறைந்தது 6 சென்டிமீட்டராவது தள்ளிப் புதுத் துளை போடுவது எல்லாவற்றையும்விட உறுதி. என் ஜன்னலில் அந்த இடம் இல்லை. பிராக்கெட் நகர்ந்தால் கம்பி மட்டம் தவறியிருக்கும்.

மாட்டியதும் பிராக்கெட்டின் விளிம்பை ஒட்டிச் சுவரில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று போட்டேன். முதல் நாள் கம்பியை மட்டும், மறுநாள் திரையையும் தொங்கவிட்டேன். ஒரு வாரம் கழித்து ஏணியில் ஏறிப் பார்த்தபோது கோடு விளிம்போடு ஒட்டியே இருந்தது, பிராக்கெட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையவில்லை. அதன்பிறகு ஈரத்துணியால் கோட்டைத் துடைத்துவிட்டேன்.